தமிழை வைத்து ஹிந்தி சொல்லிக்கொடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகன் தரம் 6. தமிழும் சிங்களமும் வாசிப்பான். ஹிந்தி எழுத்தை எங்கேயிருந்து தொடங்கிறது?

க, ங, ச, ஞ, ட, ண என்று அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் வரிசையிலிருந்து. ஹிந்தியின் முதல் 25 மெய்களும் அதே வரிசையில்தான் வருகின்றன. தமிழ் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் வைத்திருக்கிறது. ஹிந்தி இடையில் இன்னும் மூன்றைச் செருகுகிறது.

ஒரு சதுர ரூள் கொப்பியில் ஐந்து வரி, ஐந்து பத்தி போடுங்கள். முதல் பத்தியில் மேலிருந்து கீழாக க, ச, ட, த, ப. ஐந்தாம் பத்தியில் ங, ஞ, ண, ந, ம. இதைப் பிள்ளையே தமிழில் எழுதட்டும். பிறகு அதே கட்டங்களுக்குள் क, च, ट, त, प என்றும் ङ, ञ, ण, न, म என்றும் எழுதச் செய்யுங்கள். நடுவில் 15 கட்டம் வெறுமையாக நிற்கும். அந்த 15ஐ நிரப்புவதுதான் எழுத்து வேலையில் பெரிய பங்கு என்பது அவனுக்குக் கண்ணாலேயே விளங்கிவிடும். இந்த 25க்கும் பிறகு ய ர ல வ, அதாவது य र ल व. கடைசியில் श ष स ह. தமிழின் ழ, ள, ற, ன ஆகிய நான்குக்கும் ஹிந்தியில் தனி எழுத்து இல்லை.

உயிரில் வேலை இன்னும் குறைவு. தமிழின் 12இல் குறில் எ, ஒ இரண்டையும் எடுத்துவிட்டு ऋ ஒன்றைச் சேர்த்தால் 11. மெய் 33, உயிர் 11, மொத்தம் 44 எழுத்து. நாளுக்கு இரண்டு புதிய எழுத்து என்றால் 22 நாள். அதற்கு மேல் வேகமாக ஓட்டினால் घ, ध, छ மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஒரு விடயத்தைப் பிரித்து வையுங்கள். வாசிப்பதற்கு இந்தக் கட்ட வரிசை நல்லது. கை எழுதிப் பழகுவதற்கு வடிவ வரிசை நல்லது: व எழுதத் தெரிந்தால் ब, क வரும், र வந்தால் स, ख வரும், ग, म, भ ஒரு கூட்டம், प, ष, फ ஒரு கூட்டம்.

மகளுக்குத் தமிழில ‘க’ ஒண்டுதானே. நாலு ‘க’வை எப்பிடிப் பிரிச்சுச் சொல்லிக் குடுக்கிறது?

அவளுடைய வாயில் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. எழுத்தில்தான் ஒன்று. ‘கல்’ என்று சொல்லச் சொல்லுங்கள், பிறகு ‘தங்கம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் வருவது क. இரண்டாவதில் வருவது ग. மற்ற வரிகளுக்கும் இப்படியே: ‘பச்சை’, ‘மஞ்சள்’ என்றால் च, ज. ‘பட்டம்’, ‘வண்டி’ என்றால் ट, ड. ‘தலை’, ‘பந்து’ என்றால் त, द. ‘பல்’, ‘கம்பு’ என்றால் प, ब. ஆகவே ஒவ்வொரு வரியின் முதலாம், மூன்றாம் எழுத்துக்களும் புது ஒலி அல்ல. இதை முதலில் நிறுத்தி, ஒரு வாரம் இந்தப் பத்தை மட்டும் வைத்துச் சொல்வதெழுதல் கொடுங்கள்.

உண்மையில் புதியவை இரண்டாம், நான்காம் எழுத்துக்கள்: ख, घ, छ, झ, ठ, ढ, थ, ध, फ, भ. இவற்றில் மூச்சு சேர்ந்து வெளியே வரும். டிஷ்யூவில் ஒரு விரல் அகலக் கீற்றுக் கிழித்து, வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். क சொல்லும்போது அது சும்மா நிற்க வேண்டும், ख சொல்லும்போது துள்ள வேண்டும். घ, भ போன்றவற்றில் துள்ளல் குறைவு. அதற்குத் தொண்டையில் விரலை வைத்து, அதிர்வும் மூச்சும் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகள் செய்யும் வழக்கமான பிழை, க்+ஹ என்று இரண்டாக உடைத்து ‘க்-ஹானா’ என்பது. மூச்சு எழுத்தோடு ஒட்டியே வரவேண்டும். நடுவில் இடைவெளி கேட்டால் பிழை.

பழக்குவதற்குத் தனி எழுத்தை விடச் சொற்கள்தான் உதவும். काना என்றால் ஒற்றைக் கண்ணன், खाना என்றால் சாப்பாடு, गाना என்றால் பாட்டு. बात பேச்சு, भात சோறு. दो இரண்டு, धो கழுவு. கருத்து மாறுகிறது என்று தெரிந்தால் பிள்ளை தானாகவே கவனிக்கும்.

ஹிந்திச் சொல்லுக்குக் கீழே தமிழில உச்சரிப்பு எழுதிக் குடுக்கலாமா?

முதல் பத்து நாளுக்கு மேல் வேண்டாம். காரணம் பலர் நினைப்பது போல ‘க ஒன்றுதான்’ என்பது மட்டும் இல்லை. தமிழ் கொண்டுவரும் இன்னொரு பழக்கம் இருக்கிறது.

தமிழில் இரண்டு உயிருக்கு நடுவில் தனி வல்லினம் வந்தால் நாங்கள் அதை மென்மையாக்கிவிடுவோம். ‘பாதை’யில் வரும் த, ‘தலை’யில் வரும் த அல்ல. ஆகவே ஹிந்தியின் पता என்ற சொல்லுக்குக் கீழே ‘பதா’ என்று எழுதினால் பிள்ளை அதை पदा போலத்தான் வாசிக்கும். சரி, வன்மையாக வரட்டும் என்று ‘பத்தா’ என்று எழுதினால் இன்னும் மோசம்: पत्ता என்று வேறு சொல்லே இருக்கிறது. पता முகவரி, पत्ता இலை. தமிழ் எழுத்தால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வழி இல்லை.

தமிழ்வழி ஹிந்திப் புத்தகங்கள் சிலவற்றில் க¹, க², க³, க⁴ என்று எண் போட்டிருப்பார்கள். அது ஒலியைப் பிரிக்கும், ஆனால் பிள்ளை எண்ணை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தைத்தான் வாசிக்கும். பிழை எங்கே என்று அறிய ஒரு சோதனை: पता, पत्ता, रोटी, पिता ஆகிய நான்கையும் தமிழ் உதவி இல்லாமல் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். रोटी ‘ரோடீ’ என்று வந்தால் எழுத்தைப் பார்க்காமல் தமிழ் விதியை வைத்து வாசிக்கிறது என்று பொருள்.

ரீச்சர் எண்ட சொல்லை रीचर எண்டு எழுதுறாள். பிழை எங்கே?

எங்கள் ஊர் எழுத்தில். ஆங்கில ‘டீ’ ஒலியை இங்கே ர, ற கொண்டு எழுதுவது வழக்கம்: ரீச்சர், ரிக்கெற், ரெலிபோன். அந்த ஒலி பல்லின் மேல் ஈறில் நாக்கு நுனி தட்டுவதால் வருவது. அதற்கு ட பொருந்தாது என்பது எங்கள் காதின் தீர்ப்பு. ஹிந்திக்காரரின் காது வேறு. அவர்கள் நாக்கை மடித்து ट என்றே சொல்வார்கள்: टीचर, टिकट, टेलीफ़ोन. சென்னைத் தமிழில் எழுதும் ‘டீச்சர்’, ‘டிக்கெட்’ அதற்கு நெருக்கம். ஆகவே ஆங்கிலச் சொல்லாக இருந்தால் அந்த ‘டீ’ ஒலிக்காக எழுதிய ர, ற இரண்டையும் மட்டும் ட ஆக மாற்றி, பிறகு ஹிந்தியில் எழுதச் சொல்லுங்கள்.

சொல்லின்ர கடைசியில புள்ளி இல்லை. பிறகு ஏன் राम ‘ராம்’ எண்டு வருது?

ஹிந்தியில் எழுத்தில் அகரம் இருந்தும் வாயில் விழுந்துவிடும். தமிழ்ப் பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் தமிழில் புள்ளி இருந்தால் மெய், இல்லையென்றால் உயிர்மெய். வேறு பேச்சே இல்லை.

முதல் விதி எளிது. சொல்லின் கடைசி எழுத்தில் வேறு உயிர்க்குறி எதுவும் இல்லையென்றால் அங்கே புள்ளி இருப்பதாக வைத்து வாசிக்க வேண்டும்: राम ராம், घर கர், कमल கமல். ஈற்றில் கூட்டெழுத்து இருந்தால் (मित्र போல) மெல்லிய அகரம் கேட்கும்.

இரண்டாம் விதிதான் தவறிப்போவது. மூன்று எழுத்துச் சொல்லில் கடைசி எழுத்துக்கு உயிர்க்குறி இருந்தால், நடு எழுத்தின் அகரம் விழும். कमरा ‘கமரா’ அல்ல, ‘கம்ரா’. लड़का ‘லட்கா’ போல வரும். बकरी ‘பக்ரீ’, அதுவும் முதல் எழுத்து வண்டிலின் வ அல்ல, கம்புவின் ப. ஒரே சொல் நீண்டாலும் இது தெரியும்: नमक (உப்பு) ‘நமக்’, ஆனால் नमकीन ‘நம்கீன்’. கொப்பியில் பென்சிலால் விழும் அகரத்தின் மேல் தமிழ்ப் புள்ளியை வைத்து வாசிக்கச் செய்யலாம். இரண்டு வாரத்தில் பென்சில் புள்ளியை அழித்துவிடுங்கள்; எழுதும்போது அதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கொம்பு போல ஹிந்தியிலயும் எழுத்துக்கு முன்னால வரும் குறி இருக்கா?

ஒன்றுதான், இகரம்: कि. நாங்கள் கெ, கே, கை எழுதும்போது கொம்பை முதலில் போட்டு, வாசிக்கும்போது கடைசியில் சேர்ப்போமே, அதே வேலை. இந்த ஒப்பைச் சொன்னால் மறுநாளே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் தமிழ் ‘கி’யில் குறி பின்னால் வருவதால், அதையும் ई-யின் குறியையும் கலக்கி कि-க்குப் பதில் की எழுதுவார்கள். இரண்டும் வேறு சொல்: कि என்றால் ‘என்று’, की என்றால் ‘உடைய’.

கூட்டெழுத்தில் இந்தக் குறி முழுக் கூட்டத்துக்கும் முன்னால் போகும். शक्ति என்ற சொல்லில் ஒலி க்-தி, ஆனால் குறி क-வுக்கும் முன்னால் நிற்கிறது. எழுதும்போது, ‘முதலில் க், பிறகு தி’ என்று நினைத்துக்கொண்டே போகும் பிள்ளை குறியைத் தகரத்துக்கு முன்னால் இடுக்கிவிடும்.

கூட்டெழுத்தில பிள்ளை நிண்டுபோகுது. குறுக்கு வழி?

தமிழில் புள்ளி வைத்த எழுத்துக்கு அடுத்த எழுத்து தனியே நிற்கும். ஹிந்தி புள்ளிக்குப் பதிலாக முதல் எழுத்தை வெட்டி அடுத்ததோடு ஒட்டுகிறது. பெரும்பாலான எழுத்துக்களின் வலப் பக்கத்தில் ஒரு நேர்க்கம்பு இருக்கிறது: स, त, न, म, ल, ग, च, ப வரியில் प, ब, भ. அந்தக் கம்பை எடுத்துவிட்டால் அது புள்ளி வைத்த எழுத்து. नमस्ते எழுதும்போது स-வின் கம்பு போய் त-வோடு ஒட்டுகிறது. कயும் फயும் நடுவில் கம்பு உள்ளவை. அவற்றில் வலப்பக்கக் கொக்கியைக் குறைத்து ஒட்டுவார்கள். ट, ठ, ड, ढ, द, ह ஆகியவற்றுக்கு இப்படிக் கம்பு இல்லை, ஆகவே அடியில் சிறு கோடு வைக்கலாம், அதுவும் ஏற்கப்படும்.

ரகரம் மட்டும் தனிக் கதை. ‘ர்’ முன்னால் வந்தால் அது அடுத்த எழுத்தின் தலையில் கொக்கியாக ஏறும்: कर्म (க-ர்-ம). பின்னால் வந்தால் முன் எழுத்தின் காலில் சாய்கோடாக விழும்: क्रम (க்-ர-ம). ஒரே மூன்று எழுத்து, இரண்டு சொல்; செயல் ஒன்று, வரிசை மற்றது. शर्मा போன்ற சொல்லில் கொக்கி மகரத்தின் மேல் கூட இல்லை, அதற்கும் வலப்பக்கத்தில், ा-வின் தலையில் நிற்கும். சொல்வதெழுதலில் அதிகம் பிழைப்பது இந்த இடம். சொல்லைத் தமிழில் ‘ஷர்-மா’ என்று எழுதி, ‘ர்’ஐ ஒரு அம்பால் மாவின் தலைக்கு ஏற்றிக் காட்டினால் போதும்.

எழுத்து அழகா இருந்தும் ஆசிரியர் பிழை போடுறார். தலைக்கோட்டில என்ன பிழை?

கோட்டை எழுத்துக்கு எழுத்து போட்டிருப்பார்கள், அல்லது எல்லா எழுத்தின் மேலும் இழுத்திருப்பார்கள். ஒற்றை ரூள் கொப்பியில் தமிழ் கோட்டின் மேல் உட்காரும். ஹிந்தி கோட்டில் தொங்கும். முதலில் சொல்லின் எழுத்துக்களை எழுதி முடித்துக் கடைசியில் சொல் முழுவதற்கும் ஒரே இழுவையாகத் தலைக்கோடு. ஆனால் भ, ध, थ மூன்றின் தலையிலும் ஒரு பகுதி திறந்திருக்க வேண்டும். அதை மூடினால் भ மகரமாகும் (म), ध ககரமாகும் (घ). ‘சகோதரன்’ भाई, ‘அம்மா’ माई போல ஆகிவிடும்! அதோடு ख-வின் இரண்டு துண்டும் பிரிந்தால் रव என்று வாசிக்கப்படும். கீழே ஒட்டி எழுதுங்கள்.

போனில ஹிந்தி அடிக்கேக்க ि முதல்ல அடிக்கிறதா?

மெய்யை முதலில் அடியுங்கள், குறியை அடுத்து. திரையில் அது தானே முன்னால் போய் நிற்கும். தமிழ் ‘கெ’வும் இப்படித்தான். கூட்டெழுத்துக்கு மெய், ् , அடுத்த மெய்.

சிங்களமும் படிக்கிறவை குழம்ப மாட்டினமா?

சிங்கள எழுத்துத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பாதி வேலை முடிந்திருக்கும். அதே க-க-க-க வரிசை சிங்களத்திலும் இருக்கிறது. மகாபிராண எழுத்துக்களும் இருக்கின்றன. ஆனால் சிங்களத்தில் அவற்றை எழுதினாலும் மூச்சு விட்டுச் சொல்வதில்லை. ஆகவே கண்ணுக்கு உதவி, நாக்குக்கு உதவி இல்லை. டிஷ்யூக் கீற்றை விட முடியாது. இன்னொரு பயன்: है என்ற சொல்லை ‘ஹை’ என்று ஐகாரமாக இழுக்கக் கூடாது. சிங்களத்தில் அப்பிள் என்று எழுதும்போது முதலில் வரும் உயிர் இருக்கிறதே, அதற்குக் கிட்டிய ஒலிதான் அது.

வாக்கியத்துக்கு வருவம். சொல்லுக்குச் சொல் மாத்தினால் போதும் எண்டு சொல்லுகினம், உண்மையா?

எளிய வாக்கியத்தில், பெரும்பாலும். ஆங்கிலம் படிக்கும்போது வினையை நடுவுக்குக் கொண்டுவரப் பட்ட பாடு இங்கே இல்லை. பழைய கலண்டர் மட்டையில் துண்டுகள் வெட்டித் தமிழ் வாக்கியத்தைக் கத்தரியால் உடையுங்கள், உருபையும் விகுதியையும் தனித் துண்டாக:

தம்பி | சந்தை | யிலிருந்து | மாம்பழம் | கொண்டுவரு | கிறான்

இதன் கீழே ஹிந்தித் துண்டுகள்:

भाई | बाज़ार | से | आम | ला | ता है

துண்டு துண்டாக ஒன்றன்கீழ் ஒன்று நிற்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான்; தமிழில் ஒட்டி எழுதுகிறோம், ஹிந்தியில் பெயரோடு சேர்க்காமல் விட்டு எழுதுகிறார்கள். உஸ்கோ (उसको) போலப் பிரதிப்பெயரோடு வந்தால் மட்டும் ஒட்டும். ‘இல்’ என்றால் में, ‘மேல்’ என்றால் पर, ‘உடைய’ என்றால் का.

பெயர் உருபு வாங்கும்போது உருமாறுவதும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதில்லை. ‘மரம்’ + ‘இல்’ ‘மரமில்’ ஆவதில்லை, ‘மரத்தில்’. அதுபோல कमरा + में என்பது कमरे में. ஆ-வில் முடியும் ஆண்பால் பெயர் உருபுக்கு முன் பெரும்பாலும் ए ஆகும். घर, बाज़ार போன்றவை மாறா. ‘ஏன் மாறுகிறது’ என்று கேட்கும் பிள்ளையிடம், ‘மரத்துக்கு ஏன் அத்து வந்தது?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

பிறகு கடைசித் துண்டுக்கு வாருங்கள். ஒப்பு முறிவது அங்கேதான். தம்பியை எடுத்துத் தங்கையை வையுங்கள்: ‘கிறான்’ ‘கிறாள்’ ஆவதுபோல ता है என்பது ती है ஆகும். சரி. ‘நான்’ வைத்தால் தமிழில் ஆணும் பெண்ணும் ‘கிறேன்’தான், ஹிந்தியில் பையன் लाता हूँ, பெண்பிள்ளை लाती हूँ. அஃறிணையும் தப்பாது. ‘பஸ் வருகிறது’, ‘தண்ணீர் வருகிறது’ இரண்டிலும் எங்களுக்கு ‘கிறது’. அவர்களுக்கு बस आती है, पानी आता है. ஈ-யில் முடிந்தால் பெண்பால் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பதை पानी உடைத்துவிடுகிறது. எனவே சொல்பட்டியல் எழுதும்போது ‘बस - பஸ்’ என்று எழுதாதீர்கள். ‘बस आती है’ என்று வினையோடு எழுதுங்கள்; பால் தானாகப் பதியும்.

இன்னொன்று. ‘இது பேனை’ என்று நாங்கள் வினையே இல்லாமல் முடிப்போம். ஹிந்தி விடாது: यह कलम है. முதல் மாதக் கொப்பிகளில் அதிகம் காணாமல் போகும் சொல் है.

நீ, நீங்கள் எண்டு சொல்லிக் குடுத்தால் तुम எங்க போறது?

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதற்கு ஆயத்தமான இடம் இருக்கிறது: நீர். நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படியும் तू, तुम, आप என்ற மூன்றும் அப்படியே எதிரெதிரே நிற்கும். ஏவலைப் பாருங்கள்:

வா, வாரும், வாங்கோ: आ, आओ, आइए
இரு, இரும், இருங்கோ: बैठ, बैठो, बैठिए
தா, தாரும், தாங்கோ: दे, दो, दीजिए

பல ஊர்ப் பேச்சில் நடுப்படி மறைந்துவிட்டதால் அங்கே तुम-ஐ விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இங்கே ஒரு வரி போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: நாங்கள் கூட்டாளியையும் தம்பியையும் தாராளமாக ‘நீ’ என்போம். ஹிந்தியில் तू அதைவிடக் கூரானது. தெரியாதவரிடம் போனால் சண்டை. சமவயதுப் பிள்ளையிடமும் तुम போடச் சொல்லுங்கள்.

மரியாதைக்குப் பன்மை என்பதும் பொது. ‘அப்பா வந்தார்’ पिताजी आए. ‘அவள் வந்தாள்’ என்பதற்கும் ‘அவ வந்தா’ என்பதற்கும் நாங்கள் வைத்திருக்கும் வேறுபாடு ஹிந்தியில் वह आई, वे आईं. அந்த மேற்புள்ளிதான் மரியாதை.

‘ने’ எப்ப தொடங்கலாம்?

நிகழ்காலமும் எதிர்காலமும் பிழையில்லாமல் வந்தபிறகு. செயல் முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில், செயப்படுபொருள் ஏற்கும் வினை வந்தால், செய்தவரோடு ने சேரும். வினை செயப்படுபொருளின் பாலைப் பிடிக்கும்: राम ने रोटी खाई. சாப்பிட்டது ஆண், வினை பெண்பால், ஏனென்றால் रोटी பெண்பால். தமிழில் நேர் ஒப்பு இல்லை. ‘ராமனால் ரொட்டி உண்ணப்பட்டது’ என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் வினை ரொட்டியோடு போகிறதே, அது ஓரளவுக்கு உதவும். लाना, बोलना, भूलना ஆகியவை ने வாங்காதவை. கொண்டுவருவதற்குப் பொருள் இருந்தும் मैं किताब लाया தான்.

கேள்வியும் இல்லையும் எங்க வைக்கிறது?

தமிழ் இரண்டையும் வாலில் வைக்கிறது: ‘வந்தானா’, ‘வரவில்லை’. ஹிந்தி இரண்டையும் முன்னுக்கு இழுக்கிறது. ‘ஆ’வுக்குப் பதில் வாக்கியத்தின் தலையில் क्या: क्या वह आया? அதே क्या வினைக்கு முன்னால் நின்றால் ‘என்ன’: तुम क्या खाते हो? அது தமிழில் ‘என்ன’ நிற்கும் இடமேதான். नहीं வினைக்குச் சற்று முன்னால்: वह नहीं आया.

நீளமான வாக்கியத்தில எல்லாம் குழம்புது. ஒண்டைத் திருத்திக் காட்டுவீங்களா?

கொடுத்த தமிழ்: ‘அக்கா நேற்றுப் பாடசாலைக்குப் போகவில்லை என்று அம்மா சொன்னா.’

பிள்ளை எழுதுவது வழக்கமாக இப்படி இருக்கும்: दीदी कल स्कूल को गया नहीं कि माँ कहा।

ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் தமிழ் நிற்கிறது. ‘பாடசாலைக்கு’ என்ற ‘கு’ को ஆக வந்தது. போகும் இடத்துக்கு ஹிந்தியில் அது வேண்டாம், स्कूल மட்டும். गया नहीं என்பது ‘போக-வில்லை’யின் நிழல், नहीं முன்னால் வரவேண்டும். गया ஆண்பால், ‘போகவில்லை’ பால் காட்டாததால் பிள்ளை கேட்டுப் பார்க்கவே இல்லை. தீதி மூத்தவ, ஆகவே गई கூடப் போதாது, गईं. माँ कहा என்பதில் ने விடுபட்டது.

மிச்சம் இருப்பது பெரிய பிழை: कि இருக்கும் இடம். தமிழில் சொன்ன செய்தி முதலில், ‘என்று’ நடுவில், சொன்னவர் கடைசியில். ஹிந்தியில் சொன்னவர் முதலில், कि நடுவில், செய்தி கடைசியில். எழுத்துத் தமிழில் இதற்கு வழியில்லை. ஆனால் வீட்டில் நாங்கள் பேசுவதைக் கேளுங்கள்: ‘அம்மா சொன்னவ, அக்கா நேற்றுப் பள்ளிக்கூடம் போகேல்லை எண்டு.’ ‘எண்டு’வை மட்டும் தூக்கி ‘சொன்னவ’வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் ஹிந்தி வரிசை வந்துவிடும். ஆகவே நீள வாக்கியம் கொடுக்கும்போது பிள்ளை முதலில் அதைப் பேச்சில் உடைத்துச் சொல்லட்டும், பிறகு எழுதட்டும்.

माँ ने कहा कि दीदी कल स्कूल नहीं गईं।

कल ‘நேற்று’க்கும் ‘நாளை’க்கும் ஒரே சொல். எது என்று गईं சொல்லிவிடுகிறது.